திருமண விளக்கக் கையேடு: வரிசை சரியான கதை

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளிநாட்டு விருந்தினர் வருவதால், சடங்குகளை விளக்கும் ஆங்கிலக் கையேடு ஒன்று தயாரித்தேன். அச்சகத்தார் கொடுத்த மாதிரியில் காசி யாத்திரையும் ஏழடியும் இருந்தன. எங்கள் நகரத்தார் வீட்டு முறையில் அவை இல்லை. அவற்றை நீக்கிவிட்டு, ஒவ்வொரு சடங்குக்கும் நேரம் போட்டேன். முந்தைய ஒரு கல்யாணத்தின் வீடியோவோடு ஒப்பிட்டதில் அது பொருந்தவில்லை. தாலி கட்டும் சடங்கான திருப்பூட்டுதல் மட்டும் முகூர்த்தத்தில் நின்றது, மற்றவை முன்பின்னாக நகர்ந்தன. சடங்குப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தந்தும் பயனில்லை, மேளச் சத்தத்தில் யார் காதிலும் பெயர் விழாது.

அப்புறம் பெரிய ஆச்சியிடம் அந்த வீடியோவை ஓடவிட்டு, "இப்ப என்ன நடக்குதுன்னு எப்படி ஆச்சி கண்டுபிடிக்கிறீக?" என்று கேட்டேன். "கோயில் மாலை வந்திருச்சான்னு பாப்பேன், கெட்டிமேளம் கேட்டா திருப்பூட்டு" என்றார்கள். நேரங்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அந்தச் சடங்கின் அடையாளத்தைப் போட்டேன். குலக்கோயிலிலிருந்து வரும் மாலை வெறும் அலங்காரமல்ல, கோயில் இந்தத் திருமணத்தை ஏற்றுப் பதிந்ததன் அடையாளம் என்பதையும் சேர்த்தேன். திருப்பூட்டுப் பக்கத்தில் "கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை தூவுங்கள், அதுவரை கையிலேயே வைத்திருங்கள்" என்று எழுதினேன். கல்யாணத்தன்று யாரும் முன்கூட்டித் தூவவில்லை.