தாடிக்குக் கறுப்படிக்கும் முன்

தேக்கா பக்கம் ஒரு ஸ்டூடியோவில் புதுப்பையன் ஒருவன் படத்திலிருந்த தாத்தாவின் வெள்ளை மீசையைப் போட்டோஷாப் பிரஷ்ஷால் கறுப்பாக்கிக்கொண்டிருந்தான். என் பழைய காயம் எரிந்தது. இந்த வேலையில் நடக்கும் தவறுகள் இவை.

கறுப்பை எடுத்துப் பூசுவது

அறுபதாம் கல்யாணப் பேனருக்காக ஒரு மாமாவின் தாடியை நானும் இப்படித்தான் பூசினேன். திரையில் கம்பீரம். ஆறடி பேனரில் கரி அப்பிய முகம். மறு அச்சு என் கைக்காசில், 180 வெள்ளி.

காரணம் சின்னக் கணக்குதான். வெள்ளை முடியின் வெளிச்சம் 255க்கு 230, முடிகளுக்கு நடுவே நிழல் 120 என்று வையுங்கள். வித்தியாசம் 110. அந்த வித்தியாசம்தான் நம் கண்ணுக்கு முடியாகத் தெரிகிறது. 80 சதவீதக் கறுப்பைப் பூசினால் 46, 24 ஆகிவிடும். மிஞ்சுவது 22. பேனர் அச்சில் அதுவும் காணாமல் போகும். "மல்டிப்ளை போட்டால் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு: கறுப்பின் அடர்த்தி மாறாதவரை கணக்கும் மாறாது.

Curves லேயர் ஒன்றைப் போட்டு, 230ஐ 85க்கும் 120ஐ 20க்கும் இறக்குங்கள். வித்தியாசம் 65 மிஞ்சும். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே கோடு படுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். நிறம் செம்பட்டை அடித்தால் கொஞ்சம் வடியுங்கள். மாஸ்க்கைக் கறுப்பாக்கி, Flow 10 வைத்த மென்மையான பிரஷ்ஷால் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுங்கள்.

கன்னத்து ஓரம் வேறு கதை. அங்கே முடிக்கு நடுவே தெரிவது நிழல் அல்ல, தோல். அந்த லேயரையே அங்கும் தடவினால் தோலும் கறுத்து, மை ஒட்டியதுபோல் ஆகிவிடும். லேயரை நகலெடுத்து, அதன் Blend Ifஇல் Underlying Layerஇன் கறுப்பு முக்கோணத்தை Alt பிடித்துப் பிளந்து 140, 180 என வைத்து, அதன் மாஸ்க்கில் கன்னத்து ஓரத்தை மட்டும் தடவினால் வெளிச்சமான முடி மட்டும் கறுக்கும். மாநிறத்தில் வெள்ளை முடி தனியாகப் பளிச்சிடுவதால் நம் ஆட்களுக்கு இது சுலபம். எண்களைப் படத்துக்கேற்ப மாற்றுங்கள். ஆனால் இதைத் தாடியின் நடுவில் போடாதீர்கள்: முடி கறுத்து, இடைவெளி வெளுத்து, நெகட்டிவ் மாதிரி தலைகீழாகும்.

ஒரு நரைகூட விடாமல் கறுப்பது

சாயம் என்று ஊரே சொல்லும். மோவாயில் நாலைந்தை விட்டுவையுங்கள்.

நரைக்க வைக்க மொத்தமாக வெளிச்சம் ஏற்றுவது

நாடகப் போஸ்டருக்கு இளைஞரைக் கிழவராக்கும்போது இது நடக்கும். இடைவெளிகளும் சேர்ந்து வெளுத்து, தாடியில் விபூதி கொட்டியதுபோல் இருக்கும். முதலில் நிறத்தை வடியுங்கள். பிறகு முடியின் மினுக்கத்தை மட்டும் ஏற்றுங்கள், பள்ளங்கள் கறுப்பாகவே இருக்கட்டும். கறுப்பு முடி தோலைவிட இருட்டு என்பதால் இதனால் சாம்பல் நிறம்தான் வரும், வெள்ளை வராது. வெள்ளை முடிகளை 2 பிக்சல் பிரஷ்ஷால், முடி வளரும் திசையில், நுனி மெலிய நீங்களேதான் வரைய வேண்டும்.

பெரிதாக்கியே பார்ப்பது

100 சதவீதத்தில் ஒருமுறை, அச்சளவில் ஒருமுறை.