உர மூட்டையின் போட்டோவை வைத்து உரத்தை அடையாளம் காண்பதும், அதே சத்தைக் குறைந்த விலையில் வாங்குவதும்

மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா ஒன்றரை ஏக்கரில் நெல் போடுகிறார். குறுவைக்கு அடியுரம் வாங்கும் நாளில் கடை வாசலிலிருந்து மூட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பி, “இது நல்ல உரமா? இதைவிட விலை குறைவாக வேறு இருக்கிறதா?” என்று கேட்பார். இரண்டு வருடங்களுக்கு முன்பு நான் அந்தப் போட்டோவைத் தவறாகப் படித்ததால், அவருடைய வயலுக்கு அடியுரத்தில் சாம்பல் சத்தே போகவில்லை. அதற்குப் பிறகு இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நான் இப்போது செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: சரியான போட்டோ

2022 அக்டோபரிலிருந்து மானிய உர மூட்டைகள் எல்லாவற்றிலும் ‘பாரத்’ என்ற ஒரே பெயர்தான். எந்த நிறுவனம் தயாரித்திருந்தாலும் முன்பக்கத்தில் பெரும்பகுதியை அந்தப் பெயரும் சின்னமும் எடுத்துக்கொள்கின்றன. முன்பு மூட்டையின் நிறத்தையும் படத்தையும் பார்த்தே இன்ன உரம் என்று சொல்லிவிடலாம். இப்போது அந்த வழி உதவாது. எண்களைத்தான் படிக்க வேண்டும்.

ஆகவே மூன்று போட்டோ கேளுங்கள். முன்பக்கம் முழுவதும் ஒன்று, சத்து விவரம் அச்சிட்ட பகுதி மட்டும் நெருக்கத்தில் ஒன்று, நிகர எடையும் அதிகபட்ச விலையும் இருக்கும் இடம் ஒன்று. மூட்டையைப் படுக்கவைத்து, கையால் ஒருமுறை நீவி, மடிப்பை எடுத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் பளபளக்கும். நிழலில் வைத்து எடுத்தால் எழுத்து தெரியும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சின்ன எழுத்து மங்கிவிடுகிறது, ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே வருகிறது.

படத்திலுள்ள எழுத்தைப் படித்துக் கொடுக்கும் செயலிகளை நான் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். சாக்கு நெசவின் மேல் அச்சிட்ட எண்களில் இடையே இருக்கும் புள்ளிகளை அவை விழுங்கிவிடுகின்றன. பெரிதாக்கிக் கண்ணால் பார்ப்பதுதான் நம்பகமானது.

படி 2: எண்களைப் படிப்பது (நான் தவறிய இடம்)

மூட்டையில் இருக்கும் எண்களின் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் தழைச்சத்து (N), இரண்டாவது மணிச்சத்து (P2O5), மூன்றாவது சாம்பல் சத்து (K2O). நூறு கிலோவில் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண்.

அன்று சித்தப்பா அனுப்பிய போட்டோவில் மூட்டை சாய்ந்து நின்றது. நடுவில் ஒரு மடிப்பு. எனக்குத் தெரிந்தது 20:20, அப்புறம் 13. மூன்று சத்தும் இருக்கும் காம்ப்ளக்ஸ் என்று நினைத்து, “பொட்டாஷ் தனியாக வேண்டாம் சித்தப்பா, இதிலேயே 13 இருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அது 20:20:0:13. மடிப்புக்குள் மறைந்திருந்தது அந்த 0. சாம்பல் சத்துக்கு உரிய மூன்றாம் இடம் காலி. நான்காவது இடத்தில் இருந்த 13 கந்தகம் (S). தூர் கட்டும் நேரத்தில் மேலுரத்துக்குப் பொட்டாஷ் வாங்கப் போனபோது கடைக்காரர் கேட்ட ஒரு கேள்வியில்தான் இது வெளியே வந்தது.

ஆகவே மேலே இருக்கும் பெரிய எண்களை மட்டும் நம்பாதீர்கள். கீழே சிறிய எழுத்தில் ஒவ்வொரு சத்தும் தனி வரியில் இருக்கும். அங்கே K2O என்று ஒரு வரி இருந்தால்தான் பொட்டாஷ் இருக்கிறது. இல்லையென்றால், மேலே எந்த எண் தெரிந்தாலும் பொட்டாஷ் இல்லை.

அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கும்போது இன்னொரு குழப்பமும் வரும். டி.ஏ.பி. மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிச்சத்து குறைந்தபட்சம் 46 என்று ஒரு வரி, நீரில் கரையும் மணிச்சத்து குறைந்தபட்சம் இவ்வளவு என்று அதைவிடச் சிறிய எண்ணோடு அடுத்த வரி. இரண்டையும் கூட்டக் கூடாது. 46-க்குள் அடங்கியதுதான் அந்தச் சிறிய எண். தழைச்சத்தும் அப்படியே: மொத்தம் 18, அதற்குள் அம்மோனியா வடிவில் 15.5. ஒவ்வொரு சத்துக்கும் பெரிய எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ரசீதைப் பாருங்கள். மானிய உரம் பி.ஓ.எஸ். கருவி வழியாகத்தான் விற்கப்படுகிறது. அதிலிருந்து வரும் ரசீதில் உரத்தின் பெயர் தெளிவாக இருக்கும்.

படி 3: மூட்டையைக் கிலோவாக மாற்றுவது

மூட்டை எடையைச் சத்தின் எண்ணால் பெருக்கி நூறால் வகுத்தால் போதும். யூரியா மூட்டை மட்டும் 45 கிலோ என்பதை மறக்காதீர்கள். 50 என்று வைத்துப் போட்டால் கணக்கு பிசகும்.

யூரியா (46%) ஒரு மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. டி.ஏ.பி. ஒரு மூட்டையில் தழைச்சத்து 9, மணிச்சத்து 23. 20:20:0:13 மூட்டையில் தழை 10, மணி 10, கந்தகம் 6.5. சூப்பர் பாஸ்பேட் (மணிச்சத்து 16%, கந்தகம் 11%) மூட்டையில் மணி 8, கந்தகம் 5.5.

படி 4: ஒரு கிலோ மணிச்சத்து என்ன விலை?

மூட்டை விலையை மூட்டை விலையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. உள்ளே இருப்பது வேறு வேறு. நான் செய்வது இது: எல்லா உரத்திலும் இருக்கும் தழைச்சத்துக்கு யூரியா விலையைப் போட்டுக் கழித்துவிடுகிறேன். மிஞ்சும் பணம்தான் மணிச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை. தழைச்சத்தை யூரியாவைவிட மலிவாக வேறு எதிலும் வாங்க முடியாது என்பதால் இதுவே நியாயமான அளவுகோல்.

யூரியா மூட்டை வேப்பம் பூச்சும் வரியும் சேர்த்து 266.50 ரூபாய். 20.7-ஆல் வகுத்தால் ஒரு கிலோ தழைச்சத்து சுமார் 12.87 ரூபாய். டி.ஏ.பி. 1,350 ரூபாய். மற்ற இரண்டும் நிறுவனத்துக்கு நிறுவனம், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்கைக் காட்டுவதற்காக 20:20:0:13-ஐ 1,400 என்றும் சூப்பரை 600 என்றும் வைத்துக்கொள்கிறேன். உங்கள் மூட்டையில் இருக்கும் விலையை அந்த இடத்தில் போடுங்கள்.

டி.ஏ.பி.யில் 9 கிலோ தழைச்சத்துக்கு 116 ரூபாய் போக 1,234 மிச்சம். 23 கிலோ மணிச்சத்துக்குப் பங்கிட்டால் கிலோ 54 ரூபாய். சூப்பரில் தழைச்சத்தே இல்லை. 600-ஐ 8-ஆல் வகுத்தால் கிலோ 75 ரூபாய். 20:20:0:13-இல் 129 ரூபாய் கழித்தால் 1,271. கிலோ 127 ரூபாய். கடைசி இரண்டிலும் கந்தகம் கூடவே வருகிறது.

நான் நோட்டுப் புத்தகத்தில்தான் போடுகிறேன். கடை வாசலில் அதுதான் வசதி. கூகுள் ஷீட்ஸில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் B-இல் மூட்டை விலை, C-இல் தழைச்சத்து கிலோ, D-இல் மணிச்சத்து கிலோ என்று போட்டு இதை எழுதலாம்:

```
=(B2-C2*12.87)/D2
```

படி 5: வயலுக்குப் பொருத்துவது

டெல்டாவில் குறுவை நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50. ஏக்கருக்கு மாற்றினால் ஏறக்குறைய 60:20:20 கிலோ. மணிச்சத்து முழுவதும் அடியுரமாகப் போக வேண்டும். தழையும் சாம்பலும் நான்கு சம பங்காகப் பிரிந்து போகும். ஆக, ஒரு ஏக்கர் அடியுரத்துக்குத் தேவை தழை 15, மணி 20, சாம்பல் 5.

20:20:0:13 என்றால் இரண்டு மூட்டை, 2,800 ரூபாய். தழை 20, மணி 20, கந்தகம் 13 கிடைக்கும்.

அதே சத்தைச் சூப்பரிலும் யூரியாவிலும் எடுத்தால் சூப்பர் இரண்டரை மூட்டை 1,500, யூரியா ஒரு மூட்டை 266.50. மொத்தம் 1,766.50. தழை 20.7, மணி 20, கந்தகம் 13.75. ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். அதோடு இன்னொரு சௌகரியம்: அடியுரத்துக்குத் தழைச்சத்து 15 கிலோதானே தேவை? யூரியாவை முக்கால் மூட்டையோடு நிறுத்தி, மீதியை மேலுரத்துக்கு வைக்கலாம். காம்ப்ளக்ஸில் அப்படிக் குறைக்க முடியாது.

டி.ஏ.பி. கிடைத்தால் இன்னும் மலிவு. ஒரு மூட்டையோடு யூரியா அரை மூட்டை போட்டால் 1,483 ரூபாய். மணிச்சத்து 23 கிலோ. ஆனால் கந்தகம் இல்லை. அதுவும் தவிர, விதைப்பு சமயத்தில் டி.ஏ.பி. கிடைப்பது நிச்சயமில்லை. சித்தப்பாவுக்கு நான் சொல்வது சூப்பரும் யூரியாவும்தான். இதில் சிரமம் தூக்குவதில் இருக்கிறது: இரண்டு மூட்டைக்குப் பதில் சூப்பர் மூன்றும் யூரியா ஒன்றுமாக நான்கு மூட்டை வண்டியில் ஏற்ற வேண்டும். மீந்த அரை மூட்டை சூப்பரை வாய் இறுகக் கட்டி, மேடான இடத்தில் வைக்க வேண்டும். அல்லது பக்கத்து வயல்காரரோடு பங்கிட்டு வாங்கலாம்.

எதை வாங்கினாலும் 5 கிலோ சாம்பல் சத்து தனி. 60% பொட்டாஷில் அது ஏறக்குறைய எட்டரை கிலோ. மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து அதிகம் என்று வந்திருந்தால் அந்த 20 கிலோவே குறையும். முதலில் அட்டையைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவர் சூப்பரையும் யூரியாவையும் முந்தின இரவே ஒன்றாகக் கொட்டிக் கலந்து வைத்திருக்கிறார். காலையில் அது சேறு மாதிரி ஈரமாகி, கையில் ஒட்டி, வீசவே முடியவில்லை. இரண்டும் சேர்ந்தால் சூப்பரில் கட்டுண்டிருக்கும் நீர் வெளியே வருகிறது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சூப்பரைத் தனியாக வீசுங்கள், யூரியாவை அதற்குப் பிறகு தனியாக வீசுங்கள்.

பின்சேர்க்கை 2: ஒரு வாசகி அனுப்பிய போட்டோவில் குருணை டி.ஏ.பி. போலவே கருப்பாக இருந்தது, விலையும் பாதி. பெரிதாக்கிப் பார்த்தால் மூட்டையில் இருந்தது கரிம உரம் என்ற வார்த்தை; N வரியில் 18 இல்லை. மூட்டையைப் பிரித்த பிறகு சந்தேகம் வந்தால், கொஞ்சம் குருணையை உள்ளங்கையில் வைத்துச் சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள். டி.ஏ.பி. என்றால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வரும். 20:20:0:13-க்கும் அதே நெடி வரும். ஆகவே நெடி வந்தால் டி.ஏ.பி.தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. வரவில்லை என்றால் மட்டும் அது டி.ஏ.பி. இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அந்த வாசகியின் கையில் நெடி வரவில்லை. மூட்டையைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. ரசீதோடு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்.