அவுட்டோர் யூனிட்டை இடம் மாற்றினோம்

சித்திரை மத்தியானத்தில் எங்கள் ஏசி குளிராது. ராத்திரி 10 மணிக்கு மேல் சரியாகிவிடும். கேஸ் குறைவென்றால் ராத்திரியும் தடுமாறுமே என்று மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவுட்டோர் யூனிட் மேற்கு வெயிலில் இருந்தது, எதிரே ஒரே அடி தூரத்தில் கைப்பிடிச் சுவர். யூனிட்டின் பின்பக்கம் கையை வைத்தேன். உள்ளே இழுக்கும் காற்றே அனலாக இருந்தது. முன்னால் தள்ளிய சூடு சுவரில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

வடக்குச் சுவருக்கு மாற்றினோம்: பின்னால் அரை அடி இடைவெளி, முன்னால் திறந்தவெளி. வெயிலைவிட அந்த எதிர்ச்சுவர்தான் அதிகம் கெடுத்தது என்பது என் கணிப்பு. நிழலுக்காக யூனிட்டைச் சுற்றி மூடிவிடாதீர்கள்.

அப்புறம் படுக்கையறைச் சுவரில் ராத்திரி முழுக்க ஒரு ரீங்காரம். ஸ்டாண்டுக்கும் யூனிட்டின் காலுக்கும் நடுவே ரப்பர் வைத்து, சுவரில் உரசிய செம்புக் குழாயை விலக்கிக் கட்டியதும் நின்றது.