ஓய்வுப் பணத்தை ஆன்யுட்டியில் போடும் முன்...

ஓய்வுபெறும்போது கைக்கு வரும் மொத்தத் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரேயடியாகக் கொடுத்தால், ஆயுள் உள்ளவரை மாதாமாதம் பென்ஷன் வரும். இதுதான் ஆன்யுட்டி. படிவத்தில் நீங்கள் ‘டிக்’ செய்யும் ஆப்ஷன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

60 வயதுக்காரர் 20 லட்சம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின் அசல் வாரிசுக்குத் திரும்பும் வகையில் ஆண்டுக்கு 6.5% என்றால் மாதம் சுமார் 10,800 ரூபாய். அசல் திரும்பாத வகையில் 8.3% என்றால் சுமார் 13,800. அதாவது, வாரிசுக்கு 20 லட்சம் விட்டுச்செல்ல மாதம் 3,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கிறார்கள் என்றால், கணவன், மனைவி இருவரின் ஆயுளுக்கும் பென்ஷன் தரும் ‘ஜாயின்ட் லைஃப்’ வகையையும் கேட்டுப் பாருங்கள்.

பெரும்பாலான திட்டங்களில் இந்தத் தொகை கடைசிவரை ஏறாது. விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால், 12 ஆண்டுகளில் அதே 10,800-இன் மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். பென்ஷனுக்கு வருமான வரியும் உண்டு. போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்கவும் முடியாது. சரண்டர் வசதி சில வகைகளில் மட்டுமே, அதுவும் பிடித்தம் போகத்தான். அதனால் மருத்துவச் செலவுக்கான தொகையை வங்கியில் தனியே வைத்துவிட்டு, மீதியில் ஒரு பகுதியை மட்டும் போடுங்கள்.