மலைப்பாதையில் பாட்டு விட்டுவிட்டு வந்தால்

காரில் பாட்டு திக்கினால், ப்ளூடூத்தை நோண்டும் முன் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஏற்கெனவே டவுன்லோடு செய்த ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அது சீராக ஓடினால் குறை சிக்னலில்தான்; ஏற்காடு ஏறும் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் மலை டவரை மறைக்கும்போது, ஆப் முன்கூட்டி இழுத்து வைத்த கொஞ்சமும் தீர்ந்து பாட்டு நின்றுவிடும், கேபிள் போட்டாலும் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு மாறினாலும் இதே கதைதான், ஏனென்றால் நெட் வருவது போனுக்கு. சேலத்திலேயே வைஃபையில் பிளேலிஸ்டை இறக்கிக்கொள்வதுதான் வழி.

டவுன்லோடு பாட்டும் திக்குகிறதா? அப்போது இணைப்பில் கோளாறு. போன், கார் இரண்டிலும் பழைய ப்ளூடூத் இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள், கேபிள் என்றால் வேறொன்றை மாற்றிப் பாருங்கள்.

நேரலை கிரிக்கெட் வர்ணனைக்கு மட்டும் டவுன்லோடு வேலைக்காகாது.