மேனுவல் கேமரா ஆப்: இரவுப் படத்தைக் கெடுக்கும் தவறுகள்

லென்ஸைத் துடைக்காமல் எடுப்பது, ஃபிளாஷைப் போட்டு எதிர் வீட்டு மாடியை எடுக்கப் பார்ப்பது, இதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐஎஸ்ஓ என்கிற வெளிச்ச உணர்திறனையும் ஷட்டர் என்கிற வெளிச்சம் வாங்கும் நேரத்தையும் நாமே வைக்கிற மேனுவல் ஆப்பை இறக்கிய முதல் வாரத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் செய்கிற சில தவறுகள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

மேனுவலில் வைத்துவிட்டுக் கையில் பிடித்து எடுப்பது

சமீபத்தில் நண்பர் ஒருவர் இரண்டு படம் அனுப்பினார். ஒரே தெரு, ஒரே விளக்கு, பின்னால் ஒரு பெயர்ப்பலகை. ஒன்று போனின் சாதாரண நைட் மோடில் எடுத்தது, இன்னொன்று புது ஆப்பில் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/15 நொடி வைத்து எடுத்தது. "மேனுவல்லதான் மோசமா வருது, ஆப் சரியில்லையா?" என்று கேட்டார். ஆப்பில் ஒரு குறையும் இல்லை. நைட் மோட் ஒரு படம் எடுப்பதில்லை. நீங்கள் பட்டனைத் தொட்டதும் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை ஆடிய அளவுக்கு அவற்றை நகர்த்திப் பொருத்தி, ஒன்றாக்கி, இருட்டில் எடுக்கும் படத்தில் வரும் புள்ளிகளைக் குறைக்கிறது. மேனுவலுக்குப் போனதும் பெரும்பாலான போன்களில் அந்த வேலை நின்றுவிடும், கிடைப்பது ஒரே ஒரு படம்தான். நடுத்தர விலை போனின் சின்ன சென்சார் 3200-இல் தனியாக எடுக்கிற படம் எப்படி இருக்கும்? மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும். ஆக, கையில் பிடித்துத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் நைட் மோடே ஜெயிக்கும், பேசாமல் அதையே வையுங்கள்.

மேனுவல் ஜெயிப்பது போன் அசையாமல் நிற்கும்போதுதான். போனில் லென்ஸின் திறப்பான அபெர்ச்சர் பெரும்பாலும் மாறாது என்பதால் கையில் இருப்பது ஐஎஸ்ஓவும் ஷட்டரும் மட்டுமே, ஒன்றைப் பாதியாக்கினால் மற்றதை இரட்டிப்பாக்க வேண்டும். நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 3200-ஐ ஐந்து முறை பாதியாக்கினால் 100 வரும். 1/15-ஐ ஐந்து முறை இரட்டிப்பாக்கினால் 1/8, 1/4, 1/2, 1, கடைசியில் சுமார் 2 நொடி. வெளிச்சம் அதேதான், புள்ளிகள் மட்டும் பெரும்பாலும் காணாமல் போய்விடும். ட்ரைபாட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போனைப் படுக்கைவாட்டில் மதில்மேல் வைத்துப் பையில் சாய்த்தால் போதும். அப்புறம் டைமரை 3 நொடிக்கு வையுங்கள், பட்டனைத் தொடுகிற விரலே போனை ஆட்டிவிடும். நண்பர் மறுபடி இப்படி எடுத்ததில் பெயர்ப்பலகையின் சின்ன எழுத்துகூடப் படிக்க வந்தது. நடந்துபோன ஒருவர் மட்டும் புகையாகத் தெரிந்தார். ஆட்கள் முக்கியம் என்றால் 2 நொடி உதவாது, திரும்ப நைட் மோடுதான்.

படம் எதனால் கெட்டது என்று தெரிய, எழுத்துள்ள இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. எழுத்து நேராக இருந்தும் புள்ளி புள்ளியாக இருந்தால் ஐஎஸ்ஓ அதிகம். தண்ணீரில் கரைந்த மாதிரி வழவழவென்று இருந்தால், புள்ளிகளை அழிக்கிற மென்பொருள் விவரத்தையும் சேர்த்து அழித்திருக்கிறது.

ஸ்லைடர் காட்டும் எண்ணை அப்படியே நம்புவது

Open Camera மாதிரி ஆப்பில் முதலில் செட்டிங்ஸில் Camera API என்பது Camera2 API என்று இருக்கிறதா பார்த்து, இல்லாவிட்டால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஷட்டர் கட்டுப்பாடே வராது. மாற்றினாலும் போன் நிறுவனம் வெளி ஆப்புகளுக்கு எவ்வளவு திறந்துவிட்டிருக்கிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். சில போன்களில் கம்பெனி ஆப்பின் புரோ மோடில் 30 நொடி வரை போகலாம், வெளி ஆப்பில் ஒரு நொடியைக்கூடத் தொட முடியாது. ஸ்லைடர் தாராளமாக நகர்ந்தாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மங்கலான வெளிச்சமுள்ள அறையில் ஐஎஸ்ஓவை மாற்றாமல் ஒரு நொடியில் ஒன்று, நான்கு நொடியில் ஒன்று. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் வந்தால் நீங்கள் சொன்ன நேரத்தை போன் கேட்கவில்லை. அப்போது கம்பெனி ஆப்பின் புரோ மோடுக்கே போய்விடுங்கள்.

திரையைப் பார்த்து வெளிச்சத்தை முடிவுசெய்வது

இருட்டில் திரை பளிச்சென்று தெரியும், எல்லாப் படமும் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாகவே தோன்றும். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பாருங்கள்.

அல்ட்ரா வைடு, டிஜிட்டல் ஜூம்

வேண்டாம். மெயின் கேமரா மட்டும்.

ஃபோகஸை முடிவிலி முனைக்குத் தள்ளுவது

பல போன்களில் ஸ்லைடரின் கடைசி முனை உண்மையான முடிவிலியைத் தாண்டி நிற்கும், வானத்து நட்சத்திரம்கூட உருண்டையாக வீங்கிவிடும். தூரத்து விளக்கைப் பெரிதாக்கிப் பார்த்தபடி ஸ்லைடரை மெல்லப் பின்னுக்கு இழுங்கள், விளக்கு மிகச் சிறிய புள்ளியாகிற இடத்தில் நிறுத்துங்கள்.