எண்ணெய் வாங்கும்போது செய்யும் தவறுகள்: பாட்டிலின் முன்பக்கமும் பின்பக்கமும்

“நிலக்கடலை எண்ணெய் நல்லதா, சூரியகாந்தி நல்லதா?” என்று கேட்கும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. வித்தின் பெயரை மட்டும் வைத்து எண்ணெயைத் தீர்மானிக்க முடியாது. ஒரே நிலக்கடலையிலிருந்து செக்கில் ஆட்டிய எண்ணெயும் வரும், ரீஃபைண்ட் எண்ணெயும் வரும். அடுப்பில் ஏற்றினால் இரண்டும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும்.

செக்கு எண்ணெயில் வித்தின் வாசனையும் நிறமும் இருக்கும். கூடவே நுண்ணிய கசடும், கொழுப்பிலிருந்து பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலங்களும் கொஞ்சம் இருக்கும். சூடேறும்போது முதலில் புகைவது இவைதான். அதனால் வடிகட்டியது எப்படி, வித்து எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்து, பெரும்பாலும் 160 முதல் 180 டிகிரி செல்சியசுக்குள் புகை கிளம்பிவிடும். ரீஃபைண்ட் செய்யும்போது இந்த அமிலங்களை நீக்கி, நிறத்தை வெளுத்து, கடைசியில் 200 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ சூடாக்கி நீராவி விட்டு வாசனையைப் போக்குகிறார்கள். புகையும் வெப்பநிலை 220–230 டிகிரி வரை உயர்வது இதனால்தான். வைட்டமின் ஈ போன்றவற்றில் ஒரு பங்கு குறைவதும் இதனால்தான். இரண்டில் ஒன்று அமுதம், மற்றது நஞ்சு என்று பேசுவதில் பொருளில்லை. எண்ணெயில் போட்டுப் பொரிக்க 170–190 டிகிரி தேவை. அதற்குச் செக்கு எண்ணெயை வைத்தால் சமையலறை முழுக்கப் புகை. தாளிப்பு, வதக்கல், மேலே ஊற்றிக் கிளறுவது போன்ற வேலைகளுக்கு வாசனையே இல்லாத ரீஃபைண்ட் எண்ணெயை வாங்குவது ருசியைக் கைவிடுவது.

ஆனால் புகை மட்டுமே அளவுகோல் ஆகாது. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய 60 சதவீதம் பல்நிறைவுறாக் கொழுப்பு. புகை வராமலே அது சூட்டில் காற்றோடு சேர்ந்து சிதையும். பொரித்த வாணலியின் விளிம்பில் பழுப்பாக, தொட்டால் ஒட்டும் ஒரு படலம் படிகிறதே, தேய்த்தாலும் போகாதே, அது சிதைந்து கோர்த்துக்கொண்ட எண்ணெய்தான். மிஞ்சிய எண்ணெய் கெட்டியாகி, மறுபடி சூடேற்றும்போது பொடி நுரையாகப் பொங்கி அடங்காமல் நின்றால் அதைக் கொட்டிவிட வேண்டும். ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு சூட்டில் அவ்வளவு சீக்கிரம் சிதையாது. அதனால் அடிக்கடி பொரிப்பவர்களுக்கு, லேபிளில் அதன் எண் பெரிதாக இருக்கும் எண்ணெய் பொருந்தும். இந்தக் கொழுப்பின் முக்கிய வகையான ஒலிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி என்று தனியாக ஒரு வகை விற்கிறார்கள். முன்பக்கப் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் பின்பக்க அட்டவணை காட்டிக்கொடுத்துவிடும். சாதாரண வகையில் பல்நிறைவுறா எண் பெரிது. இந்த வகையில் ஒற்றை நிறைவுறா எண் 80-ஐ ஒட்டி இருக்கும்.

விலையை பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஒப்பிடுவது

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டரின் எடை சுமார் 910 கிராம்தான். ஒரு நிறுவனம் லிட்டரிலும் இன்னொன்று கிராமிலும் விற்கும்போது கண் ஏமாறுகிறது. அலமாரியில் மூன்று பாக்கெட்டுகள் இருப்பதாக வையுங்கள். ஒரு லிட்டர் 200, ஒரு கிலோ 210, 850 கிராம் 190. கை தானாகவே 190-க்குத்தான் போகும். எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றினால் லிட்டர் பாக்கெட் 220, கிலோ பாக்கெட் 210, 850 கிராம் பாக்கெட் 223 சொச்சம். மலிவாகத் தெரிந்ததுதான் மூன்றிலும் அதிக விலை. லிட்டர் விலையை 0.91-ஆல் வகுத்தால் கிலோ விலை கிடைக்கும். கைபேசி இருந்தால் போதும்.

செக்கு எண்ணெய்க்கு இன்னொரு கணக்கு உண்டு. கலப்படம் பற்றிய முதல் சந்தேகத்தை அதுவே எழுப்பிவிடும். நிலக்கடலைப் பருப்பில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான், ஆனால் செக்கில் ஆட்டினால் 40 சதவீதம் கிடைத்தாலே பெரிது. அப்படியானால் ஒரு லிட்டருக்கு, அதாவது 910 கிராமுக்கு, சுமார் 2¼ கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 100 என்றால் மூலப்பொருளுக்கே 225-க்கு மேல். மிஞ்சும் பிண்ணாக்கு ஒரு கிலோ 350 கிராம் அளவுக்கு இருக்கும். அதை கிலோ 35-க்கு விற்றாலும் 47 போல்தான் திரும்ப வரும். நிகரச் செலவு 180. இதற்கு மேல் கூலி, மின்சாரம், பாட்டில், கடைக்காரர் லாபம். பருப்பு 100 விற்கும் ஊரில் “சுத்தமான செக்கு எண்ணெய் லிட்டர் 140” என்று ஒருவர் கொடுத்தால், மலிவான எண்ணெய் ஏதாவது கலந்திருக்கலாம், அல்லது பூஞ்சை பிடித்த சொத்தைப் பருப்பை ஆட்டியிருக்கலாம். விலை அதிகமாக இருப்பதாலேயே சுத்தம் என்று அர்த்தமில்லை. ஆனால் அடக்கவிலைக்குக் கீழே யாரும் விற்கமாட்டார்கள்.

சோயாவிலும் தவிட்டிலும் எண்ணெய் 20 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால், அவற்றைப் பெரும்பாலும் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்து, பிறகு ரீஃபைண்ட் செய்வார்கள். “செக்கில் ஆட்டிய தவிட்டு எண்ணெய்” என்று மலிவாக விற்றால் அதையும் நம்பிவிட வேண்டாம்.

முன்பக்க வாசகங்கள்

“கொலஸ்ட்ரால் இல்லாதது” என்பது பொய்யில்லை, பயனும் இல்லை. தாவர எண்ணெய் எதிலுமே அது இல்லையென்றே சொல்லலாம். பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு உள்ள பாமாயிலிலும் இதே வாசகத்தை உண்மையாகவே அச்சிட முடியும். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்புதான். ஆகவே பார்க்க வேண்டிய எண் அது. தேங்காய் எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல், நிலக்கடலையில் 17–20, எள்ளில் 15 அளவில், சூரியகாந்தியில் 11 அளவில் இருக்கும். ஒப்பிடும்போது ஒரு லேபிள் 100 கிராமுக்கும் மற்றது 100 மில்லிக்கும் எண் தந்திருக்கிறதா என்று பாருங்கள். 100 மில்லிக்கு 13 என்றால் 100 கிராமுக்கு 14-க்கு மேல். சிலர் ஒரு கரண்டிக்கு மட்டும் எண் கொடுத்து அதைச் சின்னதாகக் காட்டுவார்கள்.

“லைட்” என்ற சொல் நிறத்தையும் வாசனையையும்தான் குறிக்கிறது. கிராமுக்கு 9 கலோரி என்பது எந்த எண்ணெய்க்கும் மாறாது.

முன்பக்கத்தில் ஆலிவ் படம் பெரிதாக இருந்தால் உடனே பாட்டிலைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் எது முதலில் இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று வாசியுங்கள். பட்டியல் அளவின் இறங்குவரிசையில்தான் இருக்கும். ஆலிவ் இரண்டாவதாக, 20 சதவீதம் என்று இருந்தால், நீங்கள் வாங்குவது முதலில் எழுதியிருக்கும் எண்ணெயைத்தான். கலப்பு எண்ணெய் மோசம் என்பதல்ல, ஆனால் அதற்கு ஆலிவ் விலை கொடுக்கக் கூடாது.

பெரிய டின்

லிட்டருக்குக் கொஞ்சம் மிச்சம் என்று இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் 5 லிட்டர் டின் வாங்குகிறார்கள். நாளுக்கு 40 மில்லி செலவானால் அது 125 நாள் ஓடும். திறந்த நாள் முதல் உள்ளே காற்று புகுந்துகொண்டே இருக்கும். செக்கு எண்ணெயானால், அடிவரை போவதற்குள் காறல் வாடை வந்துவிடலாம். பழைய மெழுகு வண்ணக்குச்சியை முகர்ந்தது போன்ற வாடை அது, நாக்கில் வைத்தால் தொண்டையில் கீறும். பெரிய டின்தான் என்றால், வாங்கிய அன்றே ஒரு லிட்டர் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, ஒவ்வொன்றாகத் திறக்கலாம். பாட்டிலில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. பாதி தீர்ந்த பழைய எண்ணெயின் மேலேயே புதியதை ஊற்றினால், பழையதில் தொடங்கிய காறல் புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.